ஃபிட்னஸ் பேண்ட் ஸ்க்ரீன்ஷாட்டைப் பெயர், மதிப்பு, அலகு என வரிகளாக எழுதுவது: முழுமையான வழிகாட்டி

அம்மா கையில் கட்டியிருக்கும் பேண்டின் கணக்கை வாரம் இரண்டு முறை எனக்கு ஸ்க்ரீன்ஷாட்டாக அனுப்புவார். அதைப் பார்த்து, ஒரு வரிக்கு ஒரு அளவு என்று எழுதி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதய டாக்டரிடம் கொண்டு போகிறோம். டாக்டர் ஃபோனை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்க மாட்டார். ஒரு தாளில் வரிசையாக இருந்தால் அரை நிமிடத்தில் படித்துவிடுவார்.

இந்த வேலையை அக்கா மகளுக்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் சொல்லிக் கொடுத்தேன். இருவரும் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். படத்தைத் திறந்ததும் பெரிதாகத் தெரிகிற எண்ணை முதலில் எழுதிவிட்டார்கள். அது எந்த நாளுடையது, எதைக் குறிக்கிறது, எந்த அலகில் இருக்கிறது என்பதை அப்புறம் தேடினார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதித் தவறு நின்றுவிடும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் தேவை அசல் படம். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். பெரிய எண்கள் அப்படியே தெரியும். ஆனால் அவற்றுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் இருக்கும் சின்ன எழுத்துகள் கலங்கிவிடும். அலகும் நேரமும் இருப்பது அந்தச் சின்ன எழுத்தில்தான். அதனால் படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

டாக்குமெண்டாக அனுப்பினால் இன்னொரு நன்மையும் உண்டு, கோப்பின் பெயர் மாறாது. பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் ஸ்க்ரீன்ஷாட்டின் பெயர் இப்படி இருக்கும்:

```
Screenshot_20250311-211407.png
```

2025 மார்ச் 11, இரவு 9 மணி 14 நிமிடம் 7 விநாடிக்கு எடுத்தது என்று பெயரே சொல்லிவிடுகிறது. அதே படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் `IMG-20250311-WA0003.jpg` என்பது போன்ற பெயரில்தான் வந்து சேரும். எடுத்த நேரம் போய்விடும். அதில் இருக்கும் தேதியும் படம் உங்களுக்கு வந்த தேதிதான். முந்தைய நாள் எடுத்து மறுநாள் அனுப்பியிருந்தால் ஒரு நாள் தள்ளிப் போகும்.

அடுத்து, படம் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பின் முகப்பில் ஒவ்வொரு அளவும் ஒரு கட்டமாக இருக்கும். கடைசிக் கட்டம் பாதியில் வெட்டுப்பட்டிருந்தால், கொஞ்சம் கீழே தள்ளி இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள். வெட்டுப்பட்ட எண்ணை ஊகித்து எழுதக் கூடாது. `121` என்பதன் கடைசி இலக்கம் மறைந்தால் `12` ஆகிவிடும், அது தவறு என்று பார்த்ததுமே தெரியும். `74`இன் கீழ்ப்பாதி மறைந்தால் அது `24`ஆ `74`ஆ என்று சொல்ல வழியில்லை.

கடைசியாக ஒரு தாளும் பேனாவும், அல்லது ஃபோனில் வெறும் குறிப்பு எழுதும் ஆப். நேராக எக்செல் தாளில் தொடங்காதீர்கள். காரணத்தை 8ஆவது படியில் சொல்கிறேன்.

## 2. எழுதாமல் ஒரு முறை படிப்பது

படத்தை மேலிருந்து கீழ் வரை ஒரு முறை படியுங்கள். இந்த நேரத்தில் எதையும் எழுத வேண்டாம். ஒவ்வொரு எண்ணும் எந்த வகை என்று மட்டும் பாருங்கள்.

அம்மா அனுப்பிய ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். மேல் ஓரத்தில் `21:14`, வலது மூலையில் `83%`. அதற்குக் கீழே `Today`, `Tue, 11 Mar`. முதல் கட்டத்தில் ஒரு வளையம், அதன் நடுவில் பெரிதாக `6,412`, கீழே சின்னதாக `/8,000 steps`. பக்கத்தில் `4.17 km`, `186 kcal`. அடுத்த கட்டம் `Heart rate`. அதில் பெரிதாக `74 bpm`, பக்கத்தில் `12 min ago`, கீழே `Range 56–121`, `Resting 63`. அதற்கு அடுத்தது `Sleep`. அதில் `6h 23m`, கீழே வண்ணப் பட்டைகள். அப்புறம் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவான `SpO2 96%`, `Stress 31`, `Weight 64.2 kg`, `Blood pressure --/--`.

இதில் `83%` ஃபோனின் பேட்டரி. உடலோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அக்கா மகள் முதல் நாள் அதை ஆக்சிஜன் அளவு என்று எழுதிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆக்சிஜனும் சதவீதம், பேட்டரியும் சதவீதம், கண்ணில் முதலில் பட்டது மேலே இருந்தது. ஆனால் ஆக்சிஜன் 83 என்று ஒரு தாளில் பார்த்தால் டாக்டர் பதறிப்போவார். இந்த ஒரு காரணத்துக்காகவே படத்தின் மேல் ஓரப் பட்டையை முதலிலேயே மனதால் வெட்டிவிடுங்கள். அதிலிருந்து எடுக்க வேண்டியது மணி ஒன்றுதான்.

`8,000` என்பது அம்மா நடந்ததல்ல, நடக்க வேண்டும் என்று வைத்த இலக்கு. `12 min ago` என்பதில் உள்ள 12 ஓர் அளவு அல்ல, அளவு எடுத்த நேரம். இப்படிப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எது எழுத வேண்டிய மதிப்பு, எது அதை ஒட்டிய குறிப்பு என்பது தெளிவாகும்.

## 3. முதல் வரி: நாளும் நேரமும்

எழுதத் தொடங்கும்போது முதலில் போட வேண்டியது தேதி. ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். ஆப்பில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. மூன்று மாதக் காகிதங்கள் சேர்ந்தால் பரவாயில்லை, இரண்டு வருடக் காகிதம் சேரும்போது குழப்பம் வரும். `Today` என்று மட்டும் இருந்தால் கோப்பின் பெயரிலிருந்து தேதியை எடுங்கள். அதுவும் இல்லையென்றால் அனுப்பியவரைக் கேளுங்கள்.

தேதிக்குப் பக்கத்தில் படம் எடுத்த மணி. இது ஏன் முக்கியம் என்றால், காலடி எண்ணிக்கை நள்ளிரவு வரை ஏறிக்கொண்டே இருக்கும். காலை 7 மணிக்கு எடுத்த படத்தில் 900 அடி என்று இருந்தால் அம்மா அன்று நடக்கவில்லை என்று பொருளில்லை. மணி எழுதாவிட்டால் அப்படித்தான் படும். முழு நாள் கணக்கு வேண்டுமென்றால், மறுநாள் காலையில் முந்தைய தேதிக்குப் போய்ப் படம் எடுக்கச் சொல்வது நல்லது.

தூக்கத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். செவ்வாய்க்கிழமை பக்கத்தில் காட்டும் தூக்கம் பெரும்பாலான ஆப்களில் திங்கள் இரவு படுத்து செவ்வாய் காலை எழுந்த தூக்கம். எழுந்த நாளின் கணக்கில் அது போகும். அதனால் தூக்க வரியில் தேதியை மட்டும் போடாமல் படுத்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். திங்கள் இரவு மருந்து மாற்றினார்கள், அன்று எப்படித் தூங்கினார் என்று டாக்டர் கேட்டால், பதில் செவ்வாய்ப் பக்கத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இன்னொன்று, அதே பக்கத்தில் இருக்கும் எல்லாமே அன்றைய அளவு அல்ல. அம்மாவின் படத்தில் `Weight 64.2 kg` என்பதன் கீழே மிகச் சின்னதாக `2 Mar` என்று இருந்தது. ஒன்பது நாள் பழைய எடை. கடைசியாகப் பதிந்ததை ஆப் அப்படியே காட்டிக்கொண்டிருக்கும். அந்த வரியில் அதன் சொந்தத் தேதியைப் போட வேண்டும்.

## 4. பெயரை முழுதாக எழுதுவது

ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் பெயர் வரும். கட்டத்தின் தலைப்பை மட்டும் எழுதினால் போதாது. அதற்குள் இருக்கும் துணைப் பெயரையும் சேர்க்க வேண்டும்.

இதயத் துடிப்பு இதற்கு நல்ல உதாரணம். ஒரே கட்டத்தில் நான்கு எண்கள் இருக்கின்றன. 74 என்பது கடைசியாக எடுத்த அளவு. 56 அன்றைய குறைந்தது, 121 அதிகபட்சம். 63 ஓய்வாக இருக்கும்போதைய துடிப்பு. நான்கும் `bpm`, நான்கும் இதயத் துடிப்பு, ஆனால் நான்கும் வேறு வேறு விஷயம். ஒரு முறை நான் வெறுமனே இதயத் துடிப்பு 92 என்று எழுதிக் கொண்டு போனேன். டாக்டர் கேட்டார்: "நடந்து வந்தவுடன் பார்த்ததா, உட்கார்ந்திருந்தபோது பார்த்ததா?" என்னிடம் பதில் இல்லை. படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால் அது மாடிப்படி ஏறிய கையோடு பதிவான கடைசி அளவு. ஓய்வுத் துடிப்பு பக்கத்திலேயே 64 என்று இருந்தது. அன்றிலிருந்து துணைப் பெயர் இல்லாமல் ஒரு வரியும் எழுதுவதில்லை.

கலோரியிலும் இதே சிக்கல் உண்டு. சில ஆப்கள் நடமாட்டத்தில் செலவானதை மட்டும் காட்டும். சில ஆப்கள் சும்மா இருந்தாலே உடல் செலவழிப்பதையும் சேர்த்து மொத்தமாகக் காட்டும். முதலாவது 186 என்று இருக்கும்போது இரண்டாவது 1,400க்கு மேல் இருக்கலாம். திரையில் `Active` என்றோ `Total` என்றோ இருந்தால் அந்தச் சொல்லைப் பெயரோடு சேருங்கள். எதுவும் இல்லையென்றால் கட்டத்தைத் தொட்டு உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே பிரித்துக் காட்டியிருக்கும்.

பெயரைத் தமிழில் எழுதுவதா, திரையில் இருப்பது போலவே எழுதுவதா? திரையில் இருப்பது போலவே எழுதுவதுதான் என் பழக்கம். `Resting` என்பதை ஒரு நாள் ஓய்வுத் துடிப்பு என்றும் இன்னொரு நாள் அமைதித் துடிப்பு என்றும் எழுதினால், பின்னால் தேடும்போது இரண்டும் வேறு என்று தோன்றும். ஆப்பின் மொழியைத் தமிழாக மாற்றி வைத்திருந்தால் அங்கே உள்ள தமிழ்ச் சொல்லையே எடுங்கள். எதுவானாலும் கடைசி வரை ஒரே சொல்.

## 5. மதிப்பை இலக்கம் மாறாமல் எழுதுவது

பெயர் எழுதியாயிற்று, ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் எண். திரையில் உள்ளபடியே எழுத வேண்டும், தோராயமாக்கக் கூடாது. 4.17 என்பதை 4.2 என்று எழுதினால் பெரிய நஷ்டம் இல்லை என்று தோன்றும். ஆனால் 9ஆவது படியில் கணக்கைச் சரிபார்க்கும்போது அந்தச் சின்ன வித்தியாசமே தவறைக் கண்டுபிடிக்க விடாமல் செய்துவிடும்.

புள்ளியையும் காற்புள்ளியையும் பெரிதாக்கிப் பாருங்கள். `6,412` என்பது ஆறாயிரத்துச் சொச்சம். ஃபோனின் பகுதி அமைப்பு ஜெர்மனி போன்ற நாட்டுக்கு வைக்கப்பட்டிருந்தால் அதே எண் `6.412` என்றும், தூரம் `4,17 km` என்றும் தெரியலாம். அங்கே இருக்கும் உறவினர் படம் அனுப்பினால் இதைக் கவனியுங்கள். காலடிக்குத் தசமம் கிடையாது என்பதை நினைவில் வைத்தால் எது எது என்று உடனே பிடிபடும்.

இலக்கை மதிப்போடு ஒட்ட வேண்டாம். `6,412 / 8,000` என்று ஒரே வரியில் எழுதினால், ரத்த அழுத்தம் எழுதும் முறை போலவே தெரியும். இலக்கு தேவையென்றால் அதற்குத் தனி வரி கொடுங்கள். எனக்கு அது தேவைப்படுவதில்லை, விட்டுவிடுகிறேன்.

`--` என்று இருந்தால் பூஜ்யம் போடக் கூடாது. பூஜ்யம் என்றால் அளந்து பார்த்தோம், ஒன்றுமில்லை என்று பொருள். கோடு என்றால் அளக்கவே இல்லை. அம்மாவின் பேண்ட் ரத்த அழுத்தம் அளக்காது. கட்டம் மட்டும் ஆப்பில் சும்மா இருக்கிறது. அந்த வரியில் பதிவு இல்லை என்று எழுதுகிறேன். வரியையே விட்டுவிட்டால், பின்னால் பார்ப்பவருக்கு நான் மறந்துவிட்டேனா, திரையில் இல்லையா என்று தெரியாது.

குறியையும் விடாதீர்கள். தோலின் வெப்பநிலையைப் பல பேண்டுகள் `+0.3 °C` என்று காட்டும். அது வெப்பநிலை அல்ல, அவருடைய வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு கூடியிருக்கிறது என்பது. கூட்டல் குறியை விட்டால் வரிக்கே பொருள் போய்விடும்.

## 6. அலகு

எண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விடுங்கள். `74 bpm`, `4.17 km`. சதவீதக் குறியை மட்டும் ஒட்டி எழுதலாம். ஒட்டி எழுதிய அலகைக் கண் இலக்கமாகவே படித்துவிடும். கையெழுத்தில் `5l` என்பது 51 ஆகத் தெரியும்.

இந்தப் படியில் அதிகம் தவறு செய்ய வைப்பது `m` என்ற ஒற்றை எழுத்து. அக்கா மகள் ஒரு நாள் படத்தைக் காட்டி, "சித்தி, இது மீட்டரா நிமிஷமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. தூக்கக் கட்டத்தில் `23m` என்றால் நிமிடம். நீச்சல் கட்டத்தில் `400m` என்றால் மீட்டர். கட்டத்தின் தலைப்புதான் அதைச் சொல்லும். வரியாக எழுதும்போது தலைப்பிலிருந்து எண் பிரிந்துவிடுவதால், நிமிடத்துக்கு எப்போதும் `min` என்று எழுதி, `m` என்பதை மீட்டருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் உள்ளதை மாற்றலாம் என்று நான் சொல்லும் மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று.

உணவுச் சக்தியின் அலகு `kcal`. சில ஆப்கள் `Cal` என்று பெரிய எழுத்தில் போடும். இரண்டும் ஒரே அளவுதான். ஆனால் `kJ` வேறு, 1 kcal என்பது 4.184 kJ. அமைப்பு மாறிப்போய் 186 இருந்த இடத்தில் 778 வந்தால், அம்மா திடீரென்று நான்கு மடங்கு உழைத்துவிடவில்லை, அலகு மாறியிருக்கிறது.

சர்க்கரையை ஆப்பில் பதிகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இந்தியாவில் `mg/dL`, சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் `mmol/L`. இங்கே 126 என்பது அங்கே 7.0. வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பிய கருவி, அங்குள்ள அமைப்பிலேயே ஆப்போடு இணைந்திருந்தால், 7.0 என்ற எண்ணைத் தாளில் அலகில்லாமல் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? அலகைத் திரையில் உள்ளபடியே எழுதுங்கள். நீங்களே பெருக்கி மாற்ற வேண்டாம், டாக்டர் மாற்றிக்கொள்வார்.

அலகே இல்லாத அளவுகளும் உண்டு. `Stress 31` என்பதற்கு அலகு கிடையாது. அது அந்த ஆப் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். அதற்கு அலகு தேடி `%` போட்டுவிடாதீர்கள். திரையில் பக்கத்தில் `Relaxed` என்று ஒரு சொல் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். வேறு நிறுவனத்தின் பேண்டில் வரும் 31 இதே பொருளைத் தராது.

## 7. வரைபடத்திலிருந்து எண் எடுக்காமல் இருப்பது

துடிப்பின் மேடு பள்ளமான கோட்டைப் பார்த்து, மதியம் இரண்டு மணிக்கு 88 இருக்கும்போல என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அச்சில் உள்ள 40, 80, 120 என்பவை அளவுகோல்தான், அம்மாவின் துடிப்பு அல்ல. அந்த நேரத்து எண் வேண்டுமென்றால் ஆப்பில் கோட்டின் மேல் விரலை வைத்தால் எண் தோன்றும், அதைப் படமாக எடுக்கச் சொல்லுங்கள். திரையில் இலக்கமாக இருப்பது மட்டுமே வரியாகும்.

## 8. வரிகளாக்கிய பிறகு எப்படி இருக்கும்

மேலே சொன்ன படமும், தூக்கத்தையும் அன்றைய நடையையும் தொட்டுத் திறந்து எடுத்த இரண்டு படங்களும் சேர்ந்து இப்படி ஆகின்றன:

```
Date: 2025-03-11, 21:14

Steps: 6,412 steps
Distance: 4.17 km
Calories, active: 186 kcal

Heart rate, latest: 74 bpm (12 min ago)
Heart rate, lowest: 56 bpm
Heart rate, highest: 121 bpm
Heart rate, resting: 63 bpm

Sleep, from-to: 22:41 - 05:18
Sleep, total: 6 h 23 min
Sleep, deep: 1 h 08 min
Sleep, light: 3 h 46 min
Sleep, REM: 1 h 29 min
Sleep, awake: 14 min

Walk, time: 38 min 20 s
Walk, distance: 2.90 km
Walk, pace: 13 min 13 s / km
Walk, highest heart rate: 121 bpm

SpO2: 96%
Stress: 31 (Relaxed)
Weight: 64.2 kg (2025-03-02)
Blood pressure: பதிவு இல்லை
```

ஒரு வரிக்கு ஒரே மதிப்பு. திரையில் `56–121` என்று சேர்ந்திருந்ததை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். நடுவில் உள்ள கோட்டைக் கழித்தல் என்று படித்துவிடுவார்கள். ஒரு கட்டத்து வரிகள் சேர்ந்து, கட்டங்களுக்கு நடுவில் ஒரு வெற்று வரி. படத்தில் இருந்த வரிசையையே வைத்திருப்பதால் படத்தோடு ஒப்பிடுவதும் சுலபம்.

நடையின் நேரத்தைத் திரை `38:20` என்றும் வேகத்தை `13'13"` என்றும் காட்டியது. அதை நிமிடம், விநாடி என்று விரித்து எழுதியதற்குத்தான் எக்செல் காரணம். `38:20` என்று அந்தக் கட்டத்தில் தட்டினால் அது 38 மணி 20 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். `5-10` என்று ஏதாவது வரம்பைத் தட்டினால் தேதியாகவே மாற்றிவிடும். மாற்றியதைச் சொல்லவும் சொல்லாது. அதனால் முதலில் எழுத்தாக எழுதி, சரிபார்த்து, அப்புறம் தாளில் ஏற்றுங்கள். ஏற்றும் முன் அந்தக் கட்டங்களின் வகையை `Text` என்று மாற்றி வையுங்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படத்திலிருந்து எழுத்தை உருவி எடுக்கும் வசதி இப்போது பல ஃபோன்களில் இருக்கிறது. நீண்ட பத்திக்கு அது நன்றாக வேலை செய்யும். கட்டம் கட்டமாக இருக்கும் ஆப் திரையில், எல்லாப் பெயர்களும் ஒரு பக்கம், எல்லா எண்களும் ஒரு பக்கம் என்று குவிந்துவிடும். எந்த எண் எந்தப் பெயருக்கு என்பதுதான் இந்த வேலையின் உயிர், அதுவே போய்விடுகிறது. சில நேரம் தசமப் புள்ளியும் விழுந்துவிடும், 4.17 என்பது 417 ஆகும். இருபது வரிதானே, கையால் தட்டுங்கள்.

## 9. கணக்குப் போட்டுச் சரிபார்ப்பது

எழுதியதைத் திரும்பப் படிப்பது மட்டும் போதாது. முதல் முறை தவறாகப் படித்த கண் இரண்டாம் முறையும் அப்படியேதான் படிக்கும். எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்தால் தவறு தானாகத் தெரியும்.

தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஆழ்ந்த தூக்கம் 1 மணி 8 நிமிடம், லேசான தூக்கம் 3 மணி 46 நிமிடம், இரண்டும் சேர்ந்து 4 மணி 54 நிமிடம். அதோடு கனவு வரும் தூக்கமான `REM` 1 மணி 29 நிமிடம் சேர்த்தால் 6 மணி 23 நிமிடம், மொத்தம் சரி. விழித்திருந்த 14 நிமிடத்தையும் கூட்டினால் 6 மணி 37 நிமிடம். இரவு 10:41 முதல் காலை 5:18 வரை எண்ணினாலும் அதே 6 மணி 37 நிமிடம்தான். ஆறு வரிகளும் ஒரே வீச்சில் சரியென்று தெரிந்துவிட்டது. சில ஆப்களில் விழித்திருந்த நேரமும் மொத்தத்தில் சேர்ந்திருக்கும். உங்கள் ஆப் எந்த வகை என்று முதல் வாரத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் வித்தியாசம் வந்தால் ஆப் தோராயமாக்கியதாக இருக்கலாம். பத்து, இருபது என்று வந்தால் ஓர் இலக்கம் மாறியிருக்கிறது.

அடுத்து நடை. 4.17 கிலோமீட்டரை 6,412 அடியால் வகுத்தால் ஓர் அடிக்கு ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். அம்மாவின் உயரத்துக்கு இது பொருந்துகிறது, வாரா வாரம் இதற்குப் பக்கத்திலேயே வருகிறது. 40 என்றோ 90 என்றோ வந்தால் அடியையோ தூரத்தையோ தவறாக எழுதியிருக்கிறேன், அல்லது கிலோமீட்டர் மைலாக மாறியிருக்கிறது. வேகத்தைப் பார்க்க, 38 நிமிடம் 20 விநாடியை 2.90ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 13 நிமிடம் 13 விநாடி வருகிறது, சரி.

துடிப்பில் கூட்டல் கழித்தல் வேண்டாம், வரிசை போதும். கடைசி அளவு, ஓய்வு அளவு இரண்டும் குறைந்ததற்கும் அதிகபட்சத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். நடையின்போது பதிவான அதிகபட்சம் அன்றைய அதிகபட்சத்தைத் தாண்டக் கூடாது. இங்கே இரண்டும் 121, அன்றைய உச்சம் நடையின்போது வந்தது என்று பொருள்.

பொருந்தாவிட்டால் படத்தைத் திறந்து மறுபடி பாருங்கள். படத்திலேயே பொருந்தவில்லை என்றால் அப்படியே விட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள். கணக்கு சரியாக வர வேண்டும் என்பதற்காக எண்ணைத் திருத்தக் கூடாது. ஒரு வாரம் அம்மாவின் தூக்கம் தொடர்ந்து 3 மணி நேரம் என்றே வந்தது. கூட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. கேட்டபோதுதான் தெரிந்தது, கை அரிக்கிறது என்று நள்ளிரவில் பேண்டைக் கழற்றி வைத்திருக்கிறார். அந்த வாரத்துத் தூக்க வரிகளை அழிக்கவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பேண்ட் கழற்றியிருந்தது என்று எழுதினேன்.

## 10. படத்தோடு சேர்த்து வைப்பது

வரிகளைச் சேமிக்கும் கோப்புக்கும் படத்துக்கும் ஒரே தேதியில் பெயர் வையுங்கள், உதாரணமாக `2025-03-11.txt`, `2025-03-11.png`. ஆண்டு முதலில் வந்தால் கோப்புகள் தானாகவே நாள் வரிசையில் நிற்கும். படத்தை நீக்க வேண்டாம். ஒரு எண்ணில் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் சாட்சி.

யாருக்காவது அனுப்பும்போது வரிகளை மட்டும் அனுப்புங்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் பெயரும் முகப்படமும், சில நேரம் நடந்து போன தெருவின் வரைபடமும் சேர்ந்தே இருக்கும். டாக்டருக்குக் கொடுக்கும் தாளில் அம்மாவின் பெயரையும் வயதையும் கையால் எழுதி, பேண்டின் மாடலையும் ஓரத்தில் குறித்துவிடுகிறேன், அடுத்த வருடம் வேறு பேண்ட் வாங்கினால் எண்கள் ஏன் மாறின என்று தேட வேண்டியிருக்காது.